முருங்கைக்காய் இல்லாத ஊரில் சாம்பார்

"அக்கா, நான் ஜெர்மனியில் ஆகனுக்குப் படிக்க வந்து மூன்று மாதமாகிறது. பருப்பு, புளி, பெருங்காயம் எல்லாம் கிடைத்துவிட்டது. முருங்கைக்காய், வாழைக்காய், பாகற்காய் மூன்றும்தான் கண்ணிலேயே படவில்லை. இங்கே விளைகிற காயில் எதைப் போட்டுச் சமாளிக்கலாம்?"

தம்பி, நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் இதே கேள்வியோடு சூப்பர் மார்க்கெட்டைச் சுற்றியவள்தான். காயின் முகத்தைப் பார்த்துத் தேடாதே. குழம்பில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்.

முருங்கைக்காய் சாம்பாருக்கு வாசம் தரும், பல்லில் இழுத்துச் சப்ப ஒரு துண்டும் தரும். அந்தச் சப்பும் சுகத்துக்கு இங்கே பதில் கிடையாது. மற்றபடி இந்த ஜனவரியில் உனக்குக் கைகொடுப்பது ஷ்வார்ட்ஸ்வுர்ட்செல். மண் ஒட்டிய கறுப்புக் குச்சிபோல இருக்கும் கிழங்கு இது. பச்சையாகத் தோல் சீவினால் பால் வடிந்து கையெல்லாம் பிசுபிசுத்துக் கறுத்துப்போகும். அதனால் கழுவி, தோலோடு பதினைந்து இருபது நிமிடம் வேகவைத்து, ஆறியதும் உரி. உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும். இரண்டு அங்குலத் துண்டாக வெட்டிக் கொதிக்கிற சாம்பாரில் கடைசி ஐந்து நிமிடம் போடு. தட்டில் பார்த்தால் முருங்கைத் துண்டு என்றே ஏமாறுவாய்.

அதற்குப் பொறுமை இல்லாத நாளில் கோல்ராபி வாங்கு. நம் ஊர் நூல்கோல்தான். அடிப்பக்கம் நார் பாய்ந்திருக்கும், தாராளமாக வெட்டி எறி. விரல் நீளத்துக்கு நறுக்கி முதலில் வெறும் தண்ணீரில் வேகவிட்டு, வெந்த பிறகு புளியை ஊற்று. புளிப்பு காயைக் குழையவிடாது. முதலிலேயே ஊற்றினால் அரை மணி நேரம் கொதித்தும் கடுக்கென்று நிற்கும். ஏப்ரல் வந்தால் பச்சை அஸ்பாரகஸ் வரும். ஜூன் 24ஆம் தேதியோடு இவர்கள் அறுவடையை நிறுத்துவது வழக்கம். அதன் முற்றிய அடித்தண்டை எறியாமல் பருப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுத்துவிடு, வாசம் சாம்பாரில் இறங்கிவிடும்.

வாழைக்காய்க்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ஆப்பிரிக்கக் கடையில் பச்சையாகக் கொஹ்பனானே கேள். தோலைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரி, நம் காயைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேகவை. சூப்பர் மார்க்கெட்டில் நுனி பச்சையாக இருக்கும் சாதாரண வாழைப்பழத்தை நம்பாதே. அது ஏற்கெனவே பழுக்கவைத்தது. நான் அதில் செய்த பொரியல் பாயசத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. எதுவும் கிடைக்காவிட்டால் பையில் 'ஃபெஸ்ட்கோஹென்ட்' என்று எழுதிய உருளைக்கிழங்கு. மஞ்சளும் உப்பும் ஒரு கரண்டிப் புளித்தண்ணீரும் சேர்த்து வேகவைத்தால் ஓரம் கரையாது. சாம்பாரில் வேண்டாம் என்ற அதே புளிப்பு இங்கே உதவுகிறது. வடித்துத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியபின் தாளித்துக் கொட்டு.

பாகற்காய்க்கு ஷிக்கோரே. இதை வெளிச்சம் படாமல் இருட்டில் வளர்ப்பதே கசப்பு ஏறாமல் இருக்கத்தான். உனக்கோ கசப்புதான் வேண்டும். எனவே இவர்கள் ஒதுக்குகிற, நுனி பச்சை ஏறியதைப் பார்த்து எடு. இரண்டு பேருக்கு இரண்டு தலை போதும். நீளவாக்கில் நான்காகப் பிள. அடிக்கட்டையை வெட்டிவிடாதே, இலைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பதும் அதுதான், அதிகம் கசப்பதும் அதுதான். இரண்டு கரண்டி நல்லெண்ணெயில் வெட்டுப்பக்கம் சிவக்கும்வரை கிளறாமல் விட்டு எடுத்து வை. புளிக்குழம்பு வற்றி எண்ணெய் பிரிந்தபின் இதைப் போட்டு ஐந்தே நிமிடம். முன்னதாகப் போட்டால் தண்ணீர் விட்டுக் குழம்பு இளகும், இலை கந்தலாகும். கசப்பு பாகற்காய் அளவுக்கு இருக்காது, வெல்லத்தைப் பாதியாகக் குறை.

மொறுமொறு வறுவலுக்கு ஷிக்கோரே உதவாது. அதற்கு ரோசன்கோல் என்கிற குட்டி முட்டைக்கோஸை இரண்டாக வெட்டி, மூடாமல், உப்பைக் கடைசியில் போட்டு வறு. லேசான கசப்பும் கருகல் வாசமும் சேர்ந்து தயிர்சாதத்துக்குப் பொருந்தும்.

ஒன்று மட்டும் கவனம். சுக்கினியோ பூசணியோ கசந்தால், "ஆகா, பாகற்காய்!" என்று குழம்பில் போட்டுவிடாதே. அவற்றில் அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. வீட்டுத்தோட்டத்தில் விதை எடுத்து வளர்த்தவற்றில்தான் இது பெரும்பாலும் வரும், நண்பர்கள் கொடுத்தால் சமைக்கும் முன் பச்சையாக ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார். கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் போடு.