பயோவில் உங்கள் கடிகாரம் தெரியட்டும்

மதுரையில் வீட்டிலிருந்தபடியே பெர்லின் கம்பெனி ஒன்றில் சப்போர்ட் இன்ஜினியர் வேலைக்கு ஒரு பெண் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பயோ இப்படி இருக்கிறது: “சுயமாக இயங்குபவர், குழுவோடு இணைந்து பணியாற்றுபவர், எந்த டைம் ஸோனிலும் வேலை செய்யத் தயார்.” ஆள் எடுப்பவருக்கு இதிலிருந்து ஒன்றும் பிடிபடாது. ‘எந்த நேரமும்’ என்பது சந்தேகத்தைத்தான் கிளப்பும். தூங்காத ஆள் உண்டா?

முதலில் நேரத்தைச் சரிசெய்வோம். பெர்லின் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும், குளிர்காலத்தில் நாலரை. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் இது மாறும். அவர்களுடைய காலை 9 மணி நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. ஆகவே இந்திய நேரத்தை எழுதினால் ஆண்டுக்கு இரண்டு முறை பயோ பொய்யாகிவிடும். அவர்கள் நேரத்திலேயே சொல்லிவிடலாம்: “பெர்லின் நேரம் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை தினமும் ஆன்லைனில் இருப்பேன். வாரத்தில் ஒருநாள் மாலை 6 வரை.” அந்த மாலை 6 குளிர்காலத்தில் மதுரையில் இரவு 10.30. வீட்டில் அதற்கு இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்தது, எதிரே யாரும் ஆன்லைனில் இல்லாதபோது வேலை எப்படி நகர்கிறது என்பது. ஸ்லாக், நோஷன் தெரியும் என்பதெல்லாம் இதற்கு ஆதாரம் ஆகாது. அவை எல்லாருக்கும் தெரியும். நீங்கள் எதை எழுதி வைத்துவிட்டுப் போகிறீர்கள் என்பதுதான் ஆதாரம். “ஷிஃப்ட் முடியும்போது, முடியாத ஒவ்வொரு டிக்கெட்டிலும் என்ன முயன்றேன், என்ன மிச்சம், யார் முடிவெடுக்க வேண்டும் என்று குறித்துவிடுவேன். அடுத்து வருபவர் என்னைக் கூப்பிடாமலே தொடரலாம்.”

தானாக முடிவெடுப்பதைக் காட்டுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘மேற்பார்வை தேவையில்லை’ என்று எழுதினால், யாரிடமும் சொல்லாமல் எதையாவது செய்துவிடுவாரோ என்ற பயம்தான் வரும். ஒரு சம்பவமும் ஒரு எல்லையும் போதும்: “பாஸ்வேர்டு பற்றி ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்ததால் உதவிப் பக்கத்தை நானே திருத்தி எழுதி, குழுவுக்குத் தெரிவித்தேன். பணத்தைத் திருப்பித் தரும் முடிவை மட்டும் மேனேஜரிடம் கேட்டே எடுப்பேன்.” இரண்டாவது வாக்கியம்தான் முதலாவதை நம்ப வைக்கிறது. இன்டர்வியூவில் இதைத்தான் குடைவார்கள். ஆகவே நடக்காத சம்பவம் வேண்டாம். பழைய கம்பெனியின் வாடிக்கையாளர் பெயரும் வேண்டாம்.

இந்த மூன்றையும் சேர்த்தாலும் ஒரு பத்திதான். லிங்க்ட்இன் சுயவிவரப் பகுதியில் 2,600 எழுத்துகள் வரை இடம் உண்டு, ஆனால் திறந்ததும் கண்ணில் படுவது முதல் சில வரிகள் மட்டுமே. படிப்பும் சான்றிதழும் கீழே போகட்டும். முதல் வரியில் என்ன வேலை, இரண்டாவதில் பெர்லின் நேரம்.