காயத்தை எழுதும்போது எங்கே நிறுத்துவது?

2024 பிப்ரவரி 16 அன்று ராஜ்கோட்டில் இங்கிலாந்தின் ஜாக் கிராலியை வீழ்த்தி, டெஸ்ட் கிரிக்கெட்டில் தன் 500-வது விக்கெட்டை எடுத்தார் அஸ்வின். அன்றிரவே ஆட்டத்திலிருந்து விலகிச் சென்னைக்குக் கிளம்பினார். குடும்பத்தில் மருத்துவ நெருக்கடி என்பதால் விலகுகிறார், அவருக்குத் துணை நிற்போம், குடும்பத்தின் அந்தரங்கத்தை மதியுங்கள் என்று இந்தியக் கிரிக்கெட் வாரியம் அறிக்கை விட்டது. யாருக்கு என்ன என்று சொல்லவில்லை. சொல்லாமலேயே ரசிகருக்கு வேண்டிய தகவல் முழுதாகப் போய்ச் சேர்ந்தது.

அதே இரவில் வாரியத்தின் துணைத் தலைவர் ராஜீவ் சுக்லா, அஸ்வினின் தாயார் விரைவில் குணமடைய வேண்டும் என்று சமூக ஊடகத்தில் வாழ்த்தினார். அக்கறையில் எழுதியதுதான். ஆனால் அறிக்கை காத்து வைத்ததை அந்த வாழ்த்து வெளியே சொல்லிவிட்டது.

அதனால் கிளப்போ சங்கமோ முதலில் செய்யவேண்டியது, யார் பேசுவது என்று முடிவு செய்வது. அறிக்கையில் இருப்பதற்கு மேல் தலைவர், பயிற்சியாளர், சக வீரர் எவரும் வாய் திறக்கக்கூடாது. தனிப்பட்ட பக்கங்களில் போடும் வாழ்த்துக்கும் இது பொருந்தும்.

அடுத்தது ஒப்புதல். "உங்கள் காயத்தைப் பற்றி அறிவிக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டுத் தலையாட்ட வைப்பது ஒப்புதல் ஆகாது. வெளியாகப் போகும் வாசகத்தையே வீரரிடம் காட்டி, எழுத்தில் சம்மதம் வாங்கவேண்டும். அணியில் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர் எதற்கும் சரி என்பார். ஆகவே தேர்வைத் தீர்மானிப்பவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது நல்லது.

வாசகம் எப்படி இருக்கவேண்டும்? "ஸ்கேனில் வலது முழங்கால் தசைநார் கிழிந்திருப்பது தெரிந்தது. முன்பு அறுவை சிகிச்சை செய்த அதே இடம். மன அழுத்தத்திலும் இருக்கிறார்" என்று ஒரு வரைவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய அறுவை சிகிச்சை அடுத்த ஒப்பந்தத்தைக் கெடுக்கும். மன அழுத்தத்தைச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. இந்த இரண்டையும் ஸ்கேன் விவரத்தையும் நீக்கி, ஆட்டம் பற்றிய தகவலைச் சேர்த்தால், "வலது முழங்கால் காயத்தால் இந்தத் தொடரில் ஆடமாட்டார். அடுத்த தகவல் மருத்துவப் பரிசோதனைக்குப் பின் தரப்படும்" என்று ஆகும். உடலின் எந்தப் பகுதி, எத்தனை ஆட்டம் இழக்கிறார், அடுத்த தகவல் எப்போது, இவை போதும். திரும்பி வரும் தேதியை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள். அந்தத் தேதி தள்ளிப்போனால் பழி வீரரின் தலையில்தான் விழும்.

சில நேரம் விரிவாகச் சொல்வதே சரி. 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் சிக்கிய ரிஷப் பந்துக்கு நெற்றியில் இரண்டு வெட்டுக்காயம், வலது முழங்காலில் தசைநார்க் கிழிவு, மணிக்கட்டு, கணுக்கால், கால்விரல், முதுகு ஆகியவற்றில் காயம் என்று வாரியம் பட்டியலிட்டது. உயிருக்கே ஆபத்தோ என்று நாடே பதறிய வேளையில் அந்தப் பட்டியல் வதந்தியை அடக்கியது. தவறு நடந்தது படங்களில். ரத்தம் வழியும் முகத்தை மறைக்காமல் தொலைக்காட்சிகள் காட்டின. 2023 ஜனவரியில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சேனல்களுக்கு விடுத்த அறிவுறுத்தலில், விபத்தில் காயமடைந்த கிரிக்கெட் வீரரின் படங்களும் உதாரணமாக இடம்பெற்றன. காயத்தின் விவரத்தை எழுத்தில் தரலாம். அடிபட்டுக் கிடக்கும் மனிதரின் முகத்தைப் போட எந்தச் செய்தியும் காரணமாகாது.

இனி நிருபர் பக்கம். "தனிப்பட்ட காரணம்" என்று அறிக்கை வந்தால் அந்த இரண்டு சொல்லையே எழுதுங்கள், ஊகம் சேர்க்காதீர்கள். 2024 ஜனவரியில் கோலி அணியிலிருந்து விலகியபோது, ஊகம் வேண்டாம் என்று வாரியம் கேட்டுக்கொண்டது. அவருக்கு இரண்டாவது குழந்தை பிறக்கப்போகிறது என்று நண்பர் டி வில்லியர்ஸ் தன் யூடியூப் சேனலில் சொல்லிவிட்டு, பிறகு அது தவறான தகவல் என்று பின்வாங்கினார். மகன் பிறந்ததைப் பிப்ரவரி 20 அன்று தம்பதியே அறிவித்தார்கள். சொன்னது சரியாக இருந்துவிட்டதால் முந்திச் சொன்னது சரியாகிவிடாது. எப்போது சொல்வது என்பது பெற்றோர் கையில் இருந்த முடிவு.

கிளப்பின் செயலே கேள்விக்குரியதாக இருந்தால் நிலைமை வேறு. 2013 நவம்பரில் எவர்ட்டனுடன் நடந்த ஆட்டத்தில் டாட்டன்ஹாம் கோல்கீப்பர் லோரிஸ், லுகாகுவின் முழங்கால் தலையில் மோதி நினைவிழந்தார். அதன் பிறகும் அவரை ஆடவிட்டார்கள். அங்கே தலைக்காயத்தை எழுதாமல் விடுவது கிளப்பைக் காப்பாற்றுவதாகும். அடி பட்ட நிமிடம், ஆடவிட முடிவெடுத்தவர், மருத்துவரின் கருத்து ஆகியவற்றைத் துருவிக் கேளுங்கள். லோரிஸின் பழைய மருத்துவக் கோப்பைத் தேடவேண்டிய அவசியம் அங்கேயும் இல்லை.

அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு மருத்துவ விவரத்துக்கும் பக்கத்தில் இரண்டைக் குறித்து வையுங்கள்: சொன்னவர் யார், வீரர் சம்மதித்தாரா. இரண்டும் காலியாக இருந்து, பொதுநலக் காரணமும் காட்ட முடியாவிட்டால், அந்த வரியை அடித்துவிடுங்கள்.