பங்குச் சந்தையா, பருப்புச் சந்தையா?

நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளில் சிலர், கடைக்கு வராமல் பங்குச் சந்தையையே முழுநேரத் தொழிலாகச் செய்யப் போவதாகச் சொல்லி வருகிறார்கள். கோபப்படுவதைவிடக் கணக்கைப் பார்ப்பது வியாபாரிக்கு அழகு.

இவர்களில் பலர் பங்கை வாங்கி வைத்திருப்பவர்கள் அல்ல. 'எஃப் அண்ட் ஓ' எனும் ஆப்ஷன் வியாபாரம் செய்பவர்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து, செபி 2024 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. அதில் ஈடுபட்ட தனிநபர்களில் 100க்கு 93 பேர் நஷ்டப்பட்டிருந்தனர். செலவு போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் கண்டவர் 100க்கு ஒருவர்தான். நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்குப் பிறகும் விடவில்லை!

காரணம் எளிது. நிப்டி 25,000இல் இருக்கிறது, அது ஏறும் என்று நினைத்து 25,000க்கான ஆப்ஷனை 100 ரூபாய்க்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 2025இல் ஒரு லாட் 75; ஆக முதலீடு 7,500 ரூபாய். முடிவு நாள் வரை வைத்திருந்தால், நிப்டி 25,100ஐத் தாண்டிய பிறகே லாபம். 25,000இலேயே நின்றுவிட்டால் 7,500 ரூபாயும் போயிற்று. ஒருவர் லாபம் மற்றவர் நஷ்டம். தரகும் வரியும் இருவருக்கும் உண்டு. எதிரில் இருப்பவரும் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வைத்து வியாபாரம் செய்யும் பெரிய நிறுவனம். நம் கிட்டங்கியில் உள்ள உளுந்து விலை இறங்கினாலும் மூட்டை மிஞ்சும்; இங்கே தேதி முடிந்தால் சாக்கும் மிஞ்சாது.

ஆய்வாளர் வேலை வேறு. அது சம்பள உத்தியோகம். ஆனால் தாமே கட்டணம் வாங்கிக்கொண்டு 'இதை வாங்கு' என்று சொல்ல செபியின் பதிவு வேண்டும், அதற்கு என்.ஐ.எஸ்.எம். தேர்வும் உண்டு. பதிவு எண் கேட்டால் மழுப்புகிறவரிடம் பணம் கட்டக்கூடாது.

விலைப்போக்கைக் கவனிக்கும் பிள்ளைக்குக் கீழமாசி வீதியிலேயே வேலை இருக்கிறது. விருதுநகர் விலையையும் வரத்தையும் தினமும் எழுதி வரச் சொல்லலாம். 50 கிலோ மூட்டை 100, கிலோ 100 ரூபாய் என்றால் 5 லட்சம். இரண்டு மாதத்தில் கிலோவுக்கு 4 ரூபாய் ஏறினால் 20,000 வரும். வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டி என்றால் அதிலேயே 10,000 போகும். பிறகு வாடகை, எடைக் குறைவு. ஆக, 3 ரூபாய்கூட ஏறாது என்று தோன்றினால் வாங்கி வைக்கவே வேண்டாம். 2023இல் துவரைக்கும் உளுந்துக்கும் வந்ததுபோல் அரசின் இருப்பு வரம்பு வருமா என்பதையும் அவன் கணிக்க வேண்டும். இந்தக் கணக்கை நன்றாகப் போடுகிறவனை மில்களின் கொள்முதல் பிரிவும், வங்கிகளின் கடன் பிரிவும்கூட விரும்பி எடுக்கும்.

பிள்ளை கேட்கவில்லையென்றால், ஓராண்டு பணம் போடாமல் காகிதத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். தரகு, வரி அனைத்தையும் கழித்து, மாதாமாதம் நிற்கும் தொகையை நம் கடைக் கணக்கப்பிள்ளை சரிபார்க்கட்டும்.