கல்யாணப் பத்திரிகை: அச்சுக்குப் போகும் முன் 7 குறிப்புகள்

அச்சகத்திலிருந்து புரூஃப் வந்ததும் வீட்டில் எல்லோர் கண்ணும் பிள்ளையார் படத்துக்கும் அட்டையின் நிறத்துக்கும்தான் போகும். தப்பு இருப்பதோ தேதி, பெயர், மரியாதைச் சொல் ஆகிய மூன்று இடங்களில். பத்திரிகையை வெறுமனே படித்துப் பார்த்தால் இவை பிடிபடாது. ஒவ்வொன்றையும் அதற்குரிய மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

1. ஜோசியர் எழுதிக்கொடுத்த முகூர்த்தச் சீட்டையும் தினசரி காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் வருடம், தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை நான்கும் ஒரே நாளைக் காட்ட வேண்டும். உதாரணமாக, 2026-இல் தை 1 வந்தது ஜனவரி 15, வியாழன். அப்படியானால் தை 15 என்பது ஜனவரி 29, அதுவும் வியாழன். முந்தைய 2025-இல் தை 1 ஜனவரி 14-லேயே வந்துவிட்டது. பழைய பத்திரிகையைப் பார்த்து அடித்தால் ஒரு நாள் பிசகுவது இதனால்தான். வருடப் பெயரையும் கவனியுங்கள். 2026 ஜனவரியில் ஆங்கில வருடம் மாறினாலும், சித்திரை பிறக்கும் வரை விசுவாவசு வருடம்தான்; பராபவ அதற்குப் பிறகே.

2. முதல்நாள் மாலை வரவேற்பு என்றால் அதன் தேதியைத் தனியாகச் சரிபாருங்கள். முகூர்த்த வரியை நகலெடுத்து, நேரத்தை மட்டும் மாற்றிவிட்டுத் தேதியை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. மேலே சொன்ன தை 15-இல் கல்யாணம் என்றால் வரவேற்பு 28.1.2026, புதன் மாலை. முகூர்த்தம் விடியற்காலையில் என்றால் ‘புதன்கிழமை விடிந்தால் வியாழக்கிழமை’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதோடு ‘29.1.2026 வியாழக்கிழமை அதிகாலை 4.30 மணிக்குமேல் 6.00 மணிக்குள்’ என்றும் இருந்தால் வெளியூர்க்காரர்கள் குழம்ப மாட்டார்கள்.

3. பெயர்களைப் போனில் சொல்லாதீர்கள். ண-ன, ல-ள-ழ, ர-ற வேறுபாடு காதில் விழாது. வாணி வானி ஆவதும், மங்களம் மங்கலம் ஆவதும் அப்படித்தான். அந்தந்தக் குடும்பத்தாரே இனிஷியலோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரட்டும். மணமக்களின் ஆங்கில எழுத்துகள் ஆதாரில் உள்ளபடி இருப்பது நல்லது. திருமணத்தைப் பதிவு செய்யும்போது பத்திரிகையையும் இணைக்க வேண்டியிருக்கும்.

4. வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்பியதை டிசைனர் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறலாம், புள்ளி விழுந்துபோகலாம். கொ, கோ, கௌ, ஸ்ரீ, ஜ, ஷ வருகிற ஒவ்வொரு சொல்லையும் பெரிதாக்கிப் பாருங்கள். நீங்கள் சரியாக அனுப்பியிருந்தாலும் இந்தத் தப்பு வரும்.

5. திருவளர்செல்வன், திருநிறைசெல்வி இரண்டும் வினைத்தொகை. நடுவில் ‘ச்’ வராது. இன்னும் கல்யாணமாக வேண்டிய தம்பி தங்கை இருந்தால் ‘திருவளர்’ என்றும், வீட்டின் கடைசிக் கல்யாணம் என்றால் ‘திருநிறை’ என்றும் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பெரியவர்களைக் கேட்டுப் போடுங்கள். வடமொழி வழக்கில் மணமகனுக்குச் சிரஞ்சீவி, மணமகளுக்குச் சௌபாக்கியவதி. ஜேஷ்ட என்றால் மூத்த, கனிஷ்ட என்றால் இளைய. மகன் வழிப் பேரன் பௌத்திரன், மகள் வழிப் பேரன் தௌகித்திரன். தாத்தா பாட்டி பெயர்கள் அச்சாகும் வரியில் இவை இடம் மாறினால் அம்மா வழியினர் அப்பா வழியினராகிவிடுவார்கள்.

6. மிகவும் மனம் நோகச் செய்யும் தப்பு, மறைந்தவர் பெயருக்கு முன் ‘திரு’ என்றும், இருப்பவர் பெயருக்கு முன் ‘அமரர்’ அல்லது ‘தெய்வத்திரு’ என்றும் அச்சாவது. அண்ணன் கல்யாணப் பத்திரிகையை மாதிரியாகக் கொடுக்கும்போது இது நேரும். அன்று இருந்த தாத்தா இன்று இல்லாமல் இருக்கலாம். ‘அமரர்’ உள்ள வரியில் வேறு பெயரை அடித்துவிட்டு அந்தச் சொல்லை எடுக்க மறந்திருக்கலாம். இரு வீட்டிலும் விவரம் தெரிந்த ஒரு பெரியவர், பத்திரிகையில் உள்ள ஒவ்வொரு பெயரையும் இந்த ஒன்றுக்காகவே பார்க்கட்டும்.

7. போன் திரையில் பார்த்து ‘ஓகே’ சொல்லாமல் தாளில் பிரிண்ட் எடுங்கள். ஒருவர் மூலச் சீட்டை வாய்விட்டு வாசிக்க, மற்றவர் பத்திரிகையில் டிக் போடட்டும். டைப் அடித்தவரையே சரிபார்க்கச் சொல்லாதீர்கள். மனதில் இருப்பதைத்தான் அவர் கண் படிக்கும். திருத்தம் சொன்ன பிறகு வரும் புதிய புரூஃபில் அந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு வரியைத் திருத்தும்போது அடுத்த வரி விடுபட்டிருக்கலாம். முழுவதையும் மறுபடி படித்து, இரு வீட்டாரும் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்ட தாளை அச்சகத்தில் கொடுங்கள். அதன் போட்டோ ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பிறகு தப்பு வந்தால் மறு அச்சுச் செலவு யாருடையது என்பதற்கு அதுவே பதில் சொல்லும்.