சூப்பர்ர்ர்ர்!!! இது பிழையா?

செல்போனில் SuPeR என்று எழுத்தை மாத்தி மாத்திப் போட்டால் பெரும்பாலும் கிண்டல். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால் நாம எழுத்தை இழுக்கிறோம், புள்ளி தெளிக்கிறோம்.

“பென்னாகரம் பஸ் வந்துடுச்சு” என்றால் வெறும் தகவல். “வந்துடுச்சூஉஉ!!!” என்றால் குஷி. “வந்து.. டுச்சூஉ...” என்றால் ஒரு மணி நேரம் லேட்டா வந்த பஸ்ஸுக்குக் கிண்டல்! இழுவை ஒன்றுதான், குறிதான் குரலை மாத்துது. ஆனால் எழுதியவர் குணம் தெரியாவிட்டால் குஷியா, கிண்டலா என்று பிரிப்பது கஷ்டம்.

இழுப்பது புதுசு இல்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அளபெடை இருக்கிறது. செய்யுளில் ஓசை குறைந்தால் நெடில் நீளும். அதற்கு அடையாளமாகப் பக்கத்தில் இனக்குறில் வரும். ‘ஓஒதல்’ என்பதில் ஓ-வுக்கு 2 மாத்திரை, ஒ-வுக்கு 1, ஆக 3. நாம செல்போனில் கணக்கே பார்ப்பதில்லை!

மெய்யும் நீளும். ங், ஞ், ண், ந், ம், ன், வ், ய், ல், ள் என்ற பத்தும், ஆய்தமும் மட்டும்தான். ‘செம்ம்ம’ என்பதில் வரும் ம் அதில் இருக்கு. ‘சூப்பர்ர்ர்’ பாவம், ர் அந்தப் பட்டியலிலேயே இல்லை!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி