தலைக்குப் போடும் ஷாம்பு: பி.எச். 5.5 என்று இருந்தால்தான் நல்லதா?



சில ஷாம்பு பாட்டில்களில் 'பி.எச். 5.5' என்று போட்டிருக்கிறது. விலையும் கூடுதல். அந்த எண்ணுக்காகக் காசு கொடுக்க வேண்டுமா? இந்த மாதம் அதைப் பார்ப்போம்.

பி.எச். என்றால் என்ன?

ஒரு பொருள் புளிப்பா, காரமா என்று சொல்லும் எண்தான் பி.எச். இங்கே காரம் என்பது மிளகாய்க் காரம் இல்லை. சுண்ணாம்பு, சலவை சோடா மாதிரியான காரம். நடுவில் இருப்பது 7. அதற்குக் கீழே போனால் புளிப்பு, மேலே போனால் காரம். எலுமிச்சைச் சாறு 2, சுண்ணாம்புத் தண்ணி 12. ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு வித்தியாசம் என்பதை மட்டும் மனசில் வையுங்கள்.

தலைத் தோலின் புளிப்புப் போர்வை

நம் தலைத் தோலின் மேல் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து லேசான புளிப்புள்ள ஒரு படலம் இருக்கிறது. அதன் பி.எச். சுமார் 5.5. தோல் வறண்டு போகாமலும், கிருமி பெருகாமலும் காப்பது இதுதான். காரமான பொருள் பட்டால் இந்தப் போர்வை கலைகிறது. ஆனால் தோல் உயிருள்ளது. சில மணி நேரத்தில் தானே பழைய நிலைக்கு வந்துவிடும்.

முடி அப்படி இல்லை. வெளியே வளர்ந்த முடிக்கு உயிர் கிடையாது. அதன் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கிறது. காரம் பட்டால் செதில் தூக்கிக்கொள்ளும். முடி ஒன்றோடு ஒன்று உரசிச் சிக்காகும், சீவும்போது அறுந்து வரும். கெட்டுப்போன முடி தானாகச் சரியாகாது.

அளந்து பார்த்தபோது

2014இல் கேரளத்து மருத்துவர்கள் கடையில் விற்கும் குளியல் சோப்புகளையும் ஷாம்புகளையும் வாங்கி அளந்தார்கள். பெரும்பாலான சோப்பின் பி.எச். 9க்கும் 10க்கும் இடையே இருந்தது. பெரும்பாலான ஷாம்பு 6க்கும் 7க்கும் இடையே இருந்தது.

இப்போது கணக்குப் போடுவோம். தோல் 5.5, ஷாம்பு 6.5 என்றால் ஒரு படி, பத்து மடங்கு. சோப்பு 9.5 என்றால் நாலு படி, பத்தாயிரம் மடங்கு! ஆக, பெரிய வித்தியாசம் ஒரு ஷாம்புக்கும் இன்னொரு ஷாம்புக்கும் இடையே இல்லை. சோப்புக்கும் ஷாம்புக்கும் இடையேதான்.

அதே 2014இல் பிரேசில் நாட்டில் 123 ஷாம்புகளை அளந்தார்கள். 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தவை நூற்றுக்கு 38தான். குறைந்த பி.எச். முடிக்கு நல்லது என்று அவர்கள் சொன்னார்கள். ஆனால் ஷாம்புவை அளந்தார்களே தவிர, ஆட்கள் தலையில் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

நம்ம ஊர்த் தண்ணி

மதுரைப் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணிதான். அது உப்புத் தண்ணியாக இருந்தால் சோப்பு நுரைக்காது. வெள்ளை வெள்ளையாகத் திரிந்து மிதக்கும். அந்தத் திரிப்பு முடியில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு அலசினாலும் பிசுபிசுப்பு போகாது. ஷாம்பு இப்படித் திரியாது. போர் தண்ணி பெரும்பாலும் 7க்கு மேலே இருக்கும். 5.5 ஷாம்பு போட்டாலும் கடைசியில் அலசுவது அந்தத் தண்ணியில்தானே!

சீயக்காய் சோப்பு?

சீயக்காய்த் தூளைக் கரைத்தால் லேசான புளிப்புதான். ஆனால் 'சீயக்காய் சோப்பு' காஸ்டிக் சோடா சேர்த்துச் செய்ததென்றால் அதுவும் சோப்புதான், காரம்தான். குழுவில் சோப்பு செய்யும் சகோதரிகளுக்கு ஒரு சொல்: எலுமிச்சை ஊற்றி அதை 5.5க்குக் கொண்டுவர முடியாது. சோப்பு முறிந்து கொழுப்பாகப் பிரிந்துவிடும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

தலைக்குக் குளியல் சோப்பும் துணி சோப்பும் வேண்டாம். சாதாரண ஷாம்புவோ சீயக்காயோ போதும். ஷாம்புவை அரை டம்ளர் தண்ணியில் கலந்து தலைத் தோலில் தேய்த்து, நன்றாக அலசுங்கள். டை அடித்த முடி, நேராக்கிய முடி ஏற்கெனவே செதில் தூக்கியிருக்கும். அவர்களுக்கு மட்டும் 5.5 ஷாம்பு கொஞ்சம் உதவலாம்.

பொடுகுக்கு பி.எச். மருந்தாகாது. அது ஒருவகைப் பூஞ்சையோடு சேர்ந்து வருவது. கீட்டோகோனசோல் உள்ள ஷாம்புவை டாக்டரிடம் கேட்டு வாங்கி, அலசும் முன் 3 முதல் 5 நிமிடம் தலையில் விட வேண்டும். எலுமிச்சையை அப்படியே தேய்த்தால் அரிப்புப் புண்ணில் எரியும்.

கூட்டத்தில் செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் பி.எச். தாள் கிடைக்கும். ஒரு ஸ்பூன் ஷாம்புவை ஒன்பது ஸ்பூன் காய்ச்சி வடித்த தண்ணியில் கலந்து தாளை நனைத்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிடுங்கள். சோப்பைச் சீவிக் கரைத்தும், வீட்டுப் போர் தண்ணியிலும் அதேபோல் பாருங்கள். மூன்று எண்ணையும் எழுதி வைத்தால், எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.