ஒரே பில் இரண்டு முறை ஏறியிருக்கிறதா?

மாம்பழ சீசனில் காவேரிப்பட்டினம் பக்கம் கூழ் ஆலைகளின் கணக்குப் பிரிவில் பில்கள் குவியும். ஒரே பில்லின் அசல் ஸ்டோர் வழியாகவும், நகல் மெயிலிலும் வந்து, இருவர் தனித்தனியாக ஏற்றிவிட்டால் பணம் இரண்டு முறை போகும். உள்ளீட்டு வரியையும் இரட்டிப்பாக எடுத்துவிடுவோம்.

பில் எண் உள்ள நெடுவரிசையில் மட்டும் COUNTIF போட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போதாது. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்துகளுக்குள், ஒரு நிதியாண்டில் திரும்ப வராமல் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கட்டுப்பாடு ஒரு வியாபாரியின் பில்களுக்குள்தான். ஓசூர் டின் வியாபாரியும் பெங்களூரு அட்டைப்பெட்டி வியாபாரியும் ஒரே மாதத்தில் 45ஆம் எண் பில் அனுப்பலாம், இரண்டும் நியாயமானவை. ஆகவே ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். தமிழ்நாட்டு வியாபாரிக்கு ஜிஎஸ்டி எண் 33 என்றும் கர்நாடகக்காரருக்கு 29 என்றும் தொடங்கும்.

B-யில் ஜிஎஸ்டி எண், C-யில் பில் எண் இருக்கட்டும். தட்டத் தொடங்கும் முன்பே C முழுவதையும் Text ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் 12/24 என்ற பில் எண்ணை எக்செல் தேதியாக்கிவிடும். D2-வில் இரண்டையும் இணையுங்கள்:

```
=IF(TRIM(C2)="","",TRIM(B2)&"|"&TRIM(C2))
```

E2-வில் கொடி:

```
=IF(D2="","",IF(COUNTIF($D$2:$D$2000,D2)>1,"சரிபார்",""))
```

இரண்டையும் கீழே இழுங்கள். டாலர் குறிகளை விட்டால் இழுக்க இழுக்க எல்லையும் கீழே நகரும். மேலே உள்ள ஜோடியைக் கொடி பார்க்காது. நடுவில் உள்ள "|" வெறும் அலங்காரமல்ல. தனியாக இருக்கும் 045-ஐயும் 45-ஐயும் COUNTIF ஒரே எண்ணாகத்தான் எண்ணும். இப்படி இணைத்தபின் வேறு வேறாகப் பார்க்கும்.

டின் வியாபாரியின் ST/112 இரண்டு வரிசைகளில் கண்ணுக்குத் தெரிகிறது, கொடி மட்டும் எழவில்லை என்று வையுங்கள். இரண்டுக்கும் =LEN(C2) போல நீளம் பாருங்கள். 6 வர வேண்டிய இடத்தில் 7 வந்தால் ஒளிந்த இடைவெளி இருக்கிறது. சாதாரண இடைவெளியை TRIM நீக்கிவிடும். மெயிலிலிருந்து ஒட்டியதில் வரும் வேறு வகை இடைவெளி அதற்கு அகப்படாது; D2-வில் இரண்டு TRIM-களுக்குள்ளும் C2 என்பதை இப்படி மாற்றி, மறுபடி கீழே இழுங்கள்:

```
SUBSTITUTE(C2,CHAR(160),"")
```

ஒருவர் ST/112 என்றும் மற்றவர் ST-112 என்றும் தட்டியிருந்தால் இந்தக் கொடி எழாது. அதற்கு வியாபாரி வாரியாகவும் தொகை வாரியாகவும் வரிசைப்படுத்திக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். எண்கள் ஏப்ரலில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கக்கூடும் என்பதால் நிதியாண்டுக்கு ஒரு ஷீட் வையுங்கள். எந்த ஷீட் என்பதைப் பதிவு தேதி அல்ல, பில் தேதி முடிவு செய்யட்டும்.

கொடி எழுந்த வரிசையை உடனே அழித்துவிடாதீர்கள். ஒரே பில்லை இரண்டு வரி விகிதங்களுக்காக இரண்டு வரிசையாகப் பிரித்து ஏற்றியிருந்தாலும் கொடி எழும். பணம் அனுப்பும் முன் காகித பில்லை எடுத்து, தேதியையும் தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.